சலைன் ஏற்றியும் அப்பாவின் சோடியம் இறங்கியது ஏன்? ஏடிஎச் மிகையும் சிறுநீரகத்தின் நீர்க் கணக்கும்

நிலாவெளி மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 71 வயது, நிறை 60 கிலோ. அம்மா காலமான பிறகு அவருக்கு உறக்கம் குறைந்து, எவரோடும் பேசாமல் இருக்கத் தொடங்கியதால், வைத்தியர் ஒருவரின் ஆலோசனைப்படி செர்ட்ராலின் குளிசை எடுத்து வந்தார். சில வாரங்களில் நடை தளர்ந்தது. சாப்பாட்டைக் கண்டால் குமட்டியது. கடைசியாக ஒரு காலையில் தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்தபடி, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் குசினி வாசலில் நெடுநேரம் நின்றார். அன்றே வைத்தியசாலையில் சேர்த்தோம்.

குருதிச் சோடியம் லீற்றருக்கு 121 மில்லிமோல் என்றார்கள். 135க்கு மேல் இருக்க வேண்டுமாம். சோடியம் குறைந்திருப்பதால் சாதாரண சலைன் ஏற்றுகிறோம் என்று சொல்லி ஒரு நாளில் இரண்டு லீற்றர் ஏற்றினார்கள். மறுநாள் பரிசோதித்தபோது 118. உப்புக் குறைந்தவருக்கு உப்பு நீரைக் கொடுத்த பின் உப்பு இன்னும் குறைந்தது எப்படி என்று நான் கேட்டதற்கு, ஏடிஎச் என்ற ஓமோன் அதிகமாகச் சுரக்கிறது என்ற ஒரு வரிப் பதில் மட்டுமே கிடைத்தது. சிகிச்சையை மாற்றிவிட்டார்கள், ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. விளங்கியவர்கள் விளக்கமாகச் சொல்ல வேண்டுகிறேன்.

கந்தளாய் விவசாயி

தங்கச்சி, சிறுநீரகம் பழுதாகும்போது இப்படித்தான் தொடங்கும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். வட மத்திய மாகாணத்தில் விவசாயிகளுக்கு வருகிற சிறுநீரக நோயை நாங்கள் அயலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். கிணற்று நீரைச் சோதிக்கக் கொடுங்கள். அப்பாவை நன்றாகத் தண்ணீர் குடிக்கச் செய்யுங்கள். ஆடி மாத வெயிலில் ஒரு நாளைக்கு மூன்று லீற்றராவது உள்ளே போனால்தான் சிறுநீரகம் கழுவுப்படும்.

உயிரியல் ஆசிரியர்

உயர்தர மாணவர்களுக்கு இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். ஐப்போதலமசில் உருவாகிக் கபச்சுரப்பியின் பின் மடலிலிருந்து வெளிவரும் ஏடிஎச், சிறுநீரகத்தின் சேர்க்கும் கானில் அக்குவாபோரின் என்னும் நீர்வாயில்களைத் திறந்து நீரை மீண்டும் குருதிக்குள் எடுக்கச் செய்கிறது. இந்த நீர்வாயில்களைக் கண்டறிந்தமைக்காகப் பீற்றர் அக்ரேக்கு 2003ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இதுவரை ஐயமில்லை.

ஆனால் சோடியம் குறைவதற்கு நீர் மட்டும் காரணமாக இருக்க முடியாது என்பது என் கருத்து. ஏடிஎச் மிகுந்தவர்களின் சிறுநீரில் சோடியம் நிறைய வெளியேறுகிறது என்று வாசித்திருக்கிறேன். ஆகவே சிறுநீரகம் உப்பை ஒழுகவிடுகிறது; ஒழுகியதை ஈடுசெய்ய இன்னும் கூடுதலாகச் சலைன் ஏற்றியிருக்க வேண்டும். இரண்டு லீற்றர் போதவில்லை என்றே நினைக்கிறேன்.

உவர்மலை வைத்தியர்

நான் பொது மருத்துவ நிபுணராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். முதலில் கந்தளாய் அன்பருக்குப் பணிவாக ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் குறிப்பிடும் நோயில் சிறுநீரகத் திசு மெல்ல அழிந்து வடிகட்டும் ஆற்றல் குறைகிறது, கிரியாட்டினின் ஏறுகிறது. இந்த ஐயாவின் நிலை அநேகமாக அதற்கு நேர் மறுபுறத்தில் இருக்கிறது. இவருடைய சிறுநீரகம் நலமாக இருக்கிறது, தனக்கு வந்த கட்டளையைப் பிழையின்றி நிறைவேற்றுகிறது, கட்டளைதான் தவறானது. இந்த நிலையில் மூன்று லீற்றர் தண்ணீர் குடிக்கச் செய்தால் வலிப்பு வரக்கூடும். தயவுசெய்து அந்த ஆலோசனையை இவருக்குப் பொருத்த வேண்டாம்.

மகளின் கேள்விக்கு வருகிறேன். நாம் பெரும்பாலும் தவறவிடுவது ஒன்றைத்தான்: உடலில் எவ்வளவு சோடியம் இருக்கிறது என்பது ஒரு கேள்வி, குருதியின் ஒரு லீற்றரில் எவ்வளவு சோடியம் இருக்கிறது என்பது வேறொரு கேள்வி. சிறுநீரகம் இவ்விரண்டையும் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு சைகைகளைக் கொண்டு ஆளுகிறது. உடலின் மொத்த உப்பைத் தீர்மானிப்பவை குருதியின் கனவளவை உணரும் அமைப்புகள், அதாவது ரெனின், அல்டொஸ்தரோன், இதய அறையிலிருந்து வரும் ஓமோன் ஆகியவை. லீற்றருக்கு எவ்வளவு என்ற செறிவைத் தீர்மானிப்பது ஏடிஎச்சும் தாகமும் மட்டுமே. குருதிச் சோடியம் 121 என்ற அறிக்கை உப்பைப் பற்றிச் சொல்வதைவிட நீரைப் பற்றியே அதிகம் சொல்கிறது.

ஒரு நாளில் ஏறத்தாழ 180 லீற்றர் திரவம் கலன்கோளங்களில் வடிகட்டப்படுகிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு அண்மைச் சிறுகுழாயிலேயே உப்பும் நீரும் ஒருசேர மீள்கிறது. அங்கே செறிவு மாறுவதில்லை. மாற்றம் நிகழ்வது என்லேயின் தடத்தின் தடித்த ஏறுபுயத்தில். அந்தச் சுவர் உப்பை வெளியே எடுக்கும், நீரை விடாது. எனவே அதைத் தாண்டிச் செல்லும் திரவம் குருதியைவிட மிகவும் ஐதாகிவிடுகிறது. வெளியே எடுக்கப்பட்ட உப்போ சிறுநீரகத்தின் ஆழ்பகுதியைச் செறிவாக்குகிறது. இந்த ஐதான திரவம் சேர்க்கும் கானுக்கு வரும்போது அங்கே ஏடிஎச் இல்லையென்றால் அப்படியே வெளியேறும். அதில் கரைந்திருப்பவற்றின் மொத்தச் செறிவு லீற்றருக்கு 50 முதல் 100 மில்லியொஸ்மோல் வரை, ஏறக்குறைய பச்சைத் தண்ணீரைப்போல. ஏடிஎச் இருந்தால் நீர்வாயில்கள் திறக்கும். ஆழ்பகுதியின் செறிவு நீரை இழுத்துக்கொள்ளும். சிறுநீர் 1200 வரைகூடச் செறிவாகலாம்.

நலமாக இருப்பவரின் குருதி சிறிதளவு ஐதானாலே ஏடிஎச் சுரப்பு அடங்கிவிடும். அப்படி அடங்கியிருந்தால் உங்கள் அப்பா தண்ணீரைத் தாராளமாக வெளியேற்றி, ஒரு நாளுக்குள்ளேயே சீராகத் தொடங்கியிருப்பார். அவருக்கு அது அடங்கவில்லை. செர்ட்ராலின் வகைக் குளிசைகள் இதைச் செய்வது நன்கு தெரிந்த ஒன்று. முதியவர்களில், தொடங்கிய முதல் சில வாரங்களில், அது அதிகம்.

சலைன் ஏற்றியும் ஏன் இறங்கியது என்பதைக் கணக்காகக் காட்ட, அவருடைய சிறுநீர்ப் பரிசோதனையின் எண்கள் வேண்டும். சிறுநீரின் பிரசாரணச் செறிவு, சோடியம், பொட்டாசியம் ஆகிய மூன்றும் அறிக்கையில் இருந்தால் எழுதுங்கள், மகள்.

நிலாவெளி மகள்

மிக்க நன்றி ஐயா. சிகிச்சை அட்டையின் படம் என்னிடம் இருக்கிறது. சிறுநீரின் செறிவு 640, சோடியம் 190, பொட்டாசியம் 40. குருதியின் செறிவு 252 என்று இருக்கிறது. யூரியாவும் யூரிக் அமிலமும் குறைவு. தைரொயிட், கோர்ட்டிசோல் இரண்டும் இயல்பு. கிரியாட்டினின் இயல்பு. குருதியழுத்தம் 130/80. காலில் வீக்கம் இல்லை; நாக்கு வறண்டிருக்கவும் இல்லை.

உவர்மலை வைத்தியர்

இதைவிடத் தெளிவான அறிக்கை கிடைப்பது அரிது. குருதி 252 என்ற அளவுக்கு ஐதாகியிருக்கும்போது சிறுநீர் 100க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். அது 640இல் நிற்கிறது. குருதி நீரைக் கொட்டச் சொல்கிறது, சேர்க்கும் கானோ நீரைச் சேமித்துக்கொண்டிருக்கிறது. வீக்கமோ வறட்சியோ இல்லாமல், தைரொயிட்டும் கோர்ட்டிசோலும் இயல்பாக இருந்து, யூரிக் அமிலமும் குறைந்திருப்பதால், ஏடிஎச் மிகை என்ற முடிவு வலுவானது. கோர்ட்டிசோல் குறைந்தாலும் இதே படம் வரும் என்பதால், அதைப் பார்த்திருப்பது நல்லது.

இனிக் கணக்கு. சாதாரண சலைனின் ஒரு லீற்றரில் 154 மில்லிமோல் சோடியம் இருக்கிறது. இரண்டு லீற்றரில் 308. உங்கள் அப்பாவின் உடல் உப்புக்கு ஏங்கிக்கொண்டிருக்கவில்லை. அவருடைய குருதிக் கனவளவு சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது. ஆகவே வந்த 308ஐயும் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். அதை எவ்வளவு நீரில் கரைத்து வெளியேற்றும் என்பதே முழுக் கேள்வியும். அவருடைய சிறுநீரின் ஒரு லீற்றரில் சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து 230 இருக்கின்றன. குருதிச் சோடியத்தை மாற்றுவதில் இரண்டுக்கும் ஒரே மதிப்பு என்பதால் சேர்த்தே எண்ணுகிறேன்.

```
ஏற்றிய உப்பு       = 2 × 154   = 308 மில்லிமோல்
வெளியேறத் தேவையான சிறுநீர் = 308 ÷ 230 = 1.34 லீற்றர்
உடலில் தங்கிய நீர்   = 2 − 1.34 = 0.66 லீற்றர்
உடல் நீர் (60 கிலோ, சுமார் பாதி) = 30 லீற்றர்
புதிய சோடியம்      = 121 × 30 ÷ 30.66 = 118.4
```

உப்பு முழுவதும் 1.34 லீற்றர் சிறுநீரில் போய்விட்டது. அது ஏறி வந்த நீரில் 0.66 லீற்றர் உடலிலேயே தங்கிவிட்டது. நாம் ஏற்றியது சலைன். அவருக்குக் கிடைத்தது வெறும் தண்ணீர். மறுநாள் 118 என்று வந்தது வியப்பே இல்லை. இது கரடுமுரடான கணக்குத்தான்: அவர் அருந்தியது, உண்டது, தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் இழந்தது எதையும் இதில் சேர்க்கவில்லை. ஆனாலும் திசையை இது சரியாகச் சொல்லும்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. ஏற்றும் திரவத்தின் உப்புச் செறிவு, நோயாளியின் சிறுநீரிலுள்ள சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்த செறிவைவிடக் கூடுதலாக இருந்தால்தான் குருதிச் சோடியம் ஏறும். 154, 230ஐவிடக் குறைவு. ஆசிரியர் சொன்னதுபோல் இன்னும் கூட்டி, நான்கு லீற்றர் ஏற்றியிருந்தால், தங்கும் நீரும் இரட்டிப்பாகியிருக்கும்.

மூதூர் வாசகன்

டொக்டர், எனக்கும் சென்ற வருடம் சோடியம் 124க்கு இறங்கியது. எனக்கு இதே சலைனைத்தான் ஏற்றினார்கள்; இரண்டு நாளில் 133க்கு ஏறி, நலமாக வீடு வந்தேன். ஆகவே சலைன் தவறு என்று பொதுவாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் அந்த நேரம் அழுத்தத்துக்கு ஐதரோகுளோரோதையசைட் குளிசை எடுத்துக்கொண்டிருந்தேன். அத்துடன் மூன்று நாள் வயிற்றோட்டமும் இருந்தது.

உவர்மலை வைத்தியர்

உங்கள் அனுபவம் உண்மை, ஆனால் உங்கள் நோய் வேறு. வயிற்றோட்டத்தில் உப்பும் நீரும் இழந்து உங்கள் குருதிக் கனவளவு குறைந்திருந்தது. கனவளவு கணிசமாகக் குறைந்தால், குருதி ஐதாக இருந்தாலும் ஏடிஎச் சுரக்கும். உயிரைக் காப்பதற்கு உடல் முதலிடம் கொடுப்பது கனவளவுக்குத்தான். அங்கே ஏடிஎச் சுரப்பதற்கு நியாயமான காரணம் இருந்தது. சலைன் கனவளவை நிரப்பியதும் அந்தக் காரணம் நீங்கி, ஏடிஎச் அடங்கி, தேங்கிய நீர் சிறுநீராக வெளியேறியது. உங்களைக் காப்பாற்றியது சலைனிலிருந்த உப்பைவிட, சலைன் ஏடிஎச்சை அடக்கியதுதான். அப்போது உங்கள் சிறுநீர்ச் சோடியத்தைப் பார்த்திருந்தால், வயிற்றோட்டம் மட்டும் என்றால் 20க்குக் கீழே இருந்திருக்கும். அந்தக் குளிசையால் அது கூடிக் காட்டியும் இருக்கலாம். அதனால்தான் அந்தக் குளிசை எடுப்பவர்களில் இந்தப் பரிசோதனை குழப்பும்.

அந்தக் குளிசை செய்யும் தீங்கும் கவனிக்கத் தக்கது. அது சேய்மைச் சிறுகுழாயில் சிறுநீரை ஐதாக்கும் வேலையைத் தடுக்கிறது; ஆழ்பகுதியின் செறிவைத் தொடுவதில்லை. ஆகவே செறிவாக்கும் ஆற்றல் முழுதாக இருக்க, ஐதாக்கும் ஆற்றல் மட்டும் கெடுகிறது. ஒருமுறை இதனால் சோடியம் குறைந்தவருக்கு அதை மீண்டும் கொடுக்கலாகாது. இப்போதும் எடுத்துக்கொண்டிருந்தால் உங்கள் வைத்தியரிடம் உடனே பேசுங்கள்.

உயிரியல் ஆசிரியர்

கணக்கை ஏற்கிறேன், மேலும் சலைன் ஏற்றியிருக்க வேண்டும் என்ற என் கூற்றை அந்த எண்களுக்கு முன்னால் நிறுத்த முடியாது. ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. குருதியில் சோடியம் 121 மட்டுமே இருக்கும் மனிதர், லீற்றருக்கு 190 வீதம் சோடியத்தைச் சிறுநீரில் வீசுகிறாரே, அது ஒழுக்கு இல்லாமல் வேறென்ன? ஏடிஎச் நேரடியாக உப்பை வெளியேற்றவில்லை என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?

உவர்மலை வைத்தியர்

மிகச் சரியான இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். இதே ஐயம் அக்கால ஆய்வாளர்களுக்கும் இருந்தது. 1953இல் அலெக்சாண்டர் லீவ், பிரெடெரிக் பாட்டர் முதலியோர் நலமாக இருந்தவர்களுக்கு ஏடிஎச் மருந்தைத் தொடர்ந்து ஏற்றிப் பார்த்தார்கள். தாராளமாகத் தண்ணீர் அருந்தியபோது நீர் தேங்கி, நிறை கூடி, குருதிச் சோடியம் இறங்கி, அதன் பின்னரே சிறுநீரில் சோடியம் கூடியது. அதே மருந்தைக் கொடுத்துத் தண்ணீரைக் கட்டுப்படுத்தியபோது சோடியம் வெளியேறவும் இல்லை, குருதியில் குறையவும் இல்லை. நீர் தேங்குவதுதான் முதல் நிகழ்வு. உப்பு வெளியேறுவது அதன் விளைவு. நான்கு ஆண்டுகள் கழித்து, 1957இல், வில்லியம் சுவார்ட்சும் பாட்டரும் மற்றவர்களும் நுரையீரல் புற்றுநோயுள்ள இரு நோயாளிகளில் இதே படத்தைக் கண்டு விவரித்தார்கள்.

உடலின் பார்வையில் அது ஒழுக்கு இல்லை. தேங்கிய நீர் கனவளவைச் சற்றுக் கூட்டுகிறது. கனவளவு கூடியதை உணரும் இதயமும் சிறுநீரகமும் அல்டொஸ்தரோனை அடக்கி, உப்பை வெளியேற்றிக் கனவளவை மீட்டுக்கொள்கின்றன. அதனால்தான் இந்த நோயாளிகளுக்குக் கால் வீங்குவதில்லை. தேங்கும் நீரில் மூன்றில் இரண்டு பங்கு கலங்களுக்குள் போய்விடுவதும் வீக்கம் தெரியாததற்கு ஒரு காரணம். ஆனால் மண்டையோட்டுக்குள் இருக்கும் மூளைக் கலங்கள் அப்படி வீங்குவதற்கு இடமில்லை. கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் நின்றது அதனால்.

நிலை ஒருமுறை நிலைபெற்றுவிட்டால், அன்றாடம் உண்ணும் உப்பு எவ்வளவோ அவ்வளவுதான் சிறுநீரில் போகும். 190 என்று பெரிதாகத் தெரிவதற்குக் காரணம், அது சிறிதளவு நீரில் அடைபட்டிருப்பது. கூடவே நாம் ஏற்றிய சலைன். நாட்கணக்கில் ஒன்றும் உண்ணாத ஏடிஎச் மிகை நோயாளியில் சிறுநீர்ச் சோடியம் 20க்குக் கீழேயும் இறங்கலாம். அப்போது மேலே மூதூர் அன்பருக்கு இருந்த நிலை என்று தவறாக நினைத்து ஏமாந்துபோவதுண்டு.

நிலாவெளி மகள்

இப்போதுதான் எனக்குப் படம் பிடிபடுகிறது. செர்ட்ராலினை நிறுத்திவிட்டார்கள். ஒரு நாளைக்கு மொத்தமாக 800 மில்லிலீற்றர் திரவம் மட்டும் என்றார்கள். அத்துடன் உப்புக் குளிசையும் புரூசெமைட்டும் கொடுக்கிறார்கள். சிறுநீர் போகச் செய்யும் மருந்து உப்பை இன்னும் குறைக்காதா? மேலும், வலிப்பு வந்தால் வேறு சலைன் ஏற்றுவோம் என்று ஒரு வைத்தியர் சொன்னார். அது எது?

உவர்மலை வைத்தியர்

800 மில்லிலீற்றர் மட்டும் ஏன் போதாது என்பதும் அவருடைய சிறுநீரிலேயே எழுதியிருக்கிறது. சிறுநீரின் சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்தது, குருதிச் சோடியத்தைவிடக் கூடுதலா குறைவா என்று பார்க்க வேண்டும். 230ஐ 121ஆல் வகுத்தால் 1.9. இது 1ஐத் தாண்டினால், அவர் கழிக்கும் சிறுநீரால் உடலிலிருந்து வெறும் நீர் சிறிதும் நீங்குவதில்லை; உண்மையில் ஒவ்வொரு லீற்றர் சிறுநீரும் குருதியை மேலும் ஐதாக்குகிறது. தோலும் மூச்சும் இழக்கும் நீர் மட்டுமே வெளியேறும் வழி. அதை நம்பித் திரவத்தை 500க்கும் கீழே குறைக்க எவராலும் இயலாது, அதுவும் திருகோணமலை வெயிலில்.

ஆகவே சிறுநீரின் செறிவையே உடைக்க வேண்டும். புரூசெமைட் என்லேயின் தடத்தின் தடித்த ஏறுபுயத்தில் உப்பு எடுப்பதைத் தடுக்கிறது. ஆழ்பகுதிக்கு உப்புப் போகாததால் அங்குள்ள செறிவு குலைகிறது. ஏடிஎச் நீர்வாயில்களைத் திறந்தே வைத்திருந்தாலும் நீரை இழுக்க ஒன்றும் இல்லை. சிறுநீரின் சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்த செறிவு ஏறத்தாழ சலைனின் பாதி அளவுக்கு வந்துவிடும். அப்படி இழக்கும் உப்பை ஈடுசெய்யத்தான் குளிசை. ஒரு கிராம் உப்பில் 17 மில்லிமோல் சோடியம் இருக்கிறது. உப்பைத் திருப்பிக் கொடுத்து, நீரை மட்டும் போகவிடுகிறோம்.

வலிப்புக்கு என்று சொன்னது 3 சதவீத சலைன். அதன் ஒரு லீற்றரில் 513 மில்லிமோல் சோடியம். 230ஐவிட இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் குருதிச் சோடியம் ஏறும். வலிப்போ நினைவிழப்போ இருந்தால் 100 முதல் 150 மில்லிலீற்றர் வரை சிறு அளவாக, விரைவாகக் கொடுத்து, மறுபடி பரிசோதிப்பார்கள். சோடியம் 4 முதல் 6 வரை ஏறினாலே மூளை வீக்கம் தணிந்து வலிப்பு அடங்கும்.

கிண்ணியா தாதி

சகோதரி, நான் வார்ட்டில் வேலை செய்கிறேன். இந்த நோயாளிகளில் எங்களுக்குப் பெரிய அச்சம் சோடியம் இறங்குவதில் இல்லை. அது திடீரென்று ஏறுவதில்தான். குளிசையை நிறுத்தி அதன் செயல் அடங்கும்போது, அல்லது குமட்டல் தீரும்போது, ஏடிஎச் அடங்கிவிடும். அப்போது சிறுநீர்ப் பையைப் பார்த்தாலே தெரியும்: காலையில் கடும் தேநீர் நிறத்தில் மணிக்கு முப்பது நாற்பது மில்லிலீற்றராக வந்தது, மாலையில் நிறமே இல்லாமல் மணிக்கு நூறு, இருநூறு என்று வரும். நோயாளி தெளிந்து பேசுவார், வீட்டார் மகிழ்வார்கள். நாங்கள் உடனே வைத்தியரைக் கூப்பிட்டு இரத்தம் எடுப்போம்.

நாள்பட்டுச் சோடியம் குறைந்திருந்தால் மூளை அதற்குப் பழகி, தன் கலங்களிலிருந்த கரைபொருள்களை வெளியேற்றிவிட்டிருக்கும். அந்த நிலையில் சோடியம் மளமளவென்று ஏறினால் மூளைத் தண்டின் நரம்புறைகள் சிதைந்து, சில நாட்கள் கழித்துப் பேச்சும் விழுங்குவதும் கைகால் அசைவும் போய்விடலாம். ஆகவே ஒரு நாளில் 8 அல்லது 10க்கு மேல் ஏறவிடக்கூடாது என்று எங்களுக்குக் கட்டளை. அப்பாவின் சிறுநீர் அளவை மணிக்கு மணி குறிக்கச் சொல்லிக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

இளம் மருத்துவ அதிகாரி

தாதி சகோதரி சொன்னதோடு உடன்படுகிறேன், ஒரு சிறு திருத்தத்துடன். அந்த வேக வரம்பு இன்று விவாதத்தில் இருக்கிறது. அண்மைய ஆண்டுகளில் வெளிவந்த பெரிய பின்னோக்கு ஆய்வுகள், அதாவது பழைய நோயாளர் பதிவுகளை ஆராய்ந்தவை, நரம்புறைச் சிதைவு மிக அரிதென்றும், மிக மெதுவாக உயர்த்தப்பட்டவர்களில் இறப்பு கூடுதலாக இருந்தது என்றும் காட்டுகின்றன. மதுப்பழக்கம், போசணைக் குறைவு, பொட்டாசியக் குறைவு, அல்லது 105க்கும் கீழான சோடியம் இருந்தால் வரம்பைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும். இந்த ஐயாவைப் போன்றவர்களில் நாம் தேவைக்கு மேல் அஞ்சுகிறோமோ என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. செர்ட்ராலின் என்ற தெளிவான காரணம் கையில் இருக்கும்போது, மேலும் பரிசோதனைகளால் அவரை அலைக்கழிக்கத் தேவையில்லை. இரண்டு வாரத்தில் சோடியம் தானாகச் சீரானால் அதுவே போதும்.

உவர்மலை வைத்தியர்

அந்த ஆய்வுகளை நானும் வாசித்தேன். மெதுவாக உயர்த்தியதால் இறந்தார்களா, இறக்கும் நிலையில் இருந்தவர்களின் சோடியம் மெதுவாக உயர்ந்ததா என்பதைப் பின்னோக்கு ஆய்வு பிரித்துக் காட்டாது. நரம்புறை சிதைந்த ஒருவரை ஒருமுறை பார்த்தவன் 8 என்ற எண்ணை எளிதில் விடமாட்டான். இதில் நாம் இருவரும் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன். இதைப் பிரித்துக் காட்டும் ஆய்வுகளின் முடிவுகள் வரும்வரை அப்படியே இருக்கட்டும்.

ஆனால் இரண்டாவது கருத்தில் நான் உறுதியாக மாறுபடுகிறேன். மகள், உங்கள் அப்பா புகைபிடித்தவரா?

நிலாவெளி மகள்

ஆம் ஐயா. துறைமுகத்தில் வேலை செய்த காலம் முழுவதும் புகைபிடித்தார். ஓய்வு பெற்ற பிறகு விட்டுவிட்டார். மார்பு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்றார்கள்.

உவர்மலை வைத்தியர்

அப்படியென்றால் மார்பு சிடி ஸ்கான் எடுக்க வேண்டும் என்பது என் ஆலோசனை. நுரையீரலின் சிறு கலப் புற்றுநோய் தானே ஏடிஎச்சைச் சுரக்கும். கட்டி எக்ஸ்ரேயில் தெரியாத அளவில் இருக்கும்போதே சோடியம் இறங்கத் தொடங்கிவிடலாம். இது உங்களை அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. குளிசையே காரணமாக இருக்க வாய்ப்பு மிகுதி. ஆனால் நெடுங்காலம் புகைபிடித்த ஒருவரில், குளிசையை நிறுத்திப் பார்த்து இரண்டு வாரம் காத்திருப்பது, வேறொன்று இருந்தால் அதற்கு இரண்டு வாரம் இடம் கொடுப்பதாகிவிடும்.

இளம் மருத்துவ அதிகாரி

புகைபிடித்த வரலாறு எனக்குத் தெரியாது. அதைச் சேர்த்துப் பார்த்தால் ஸ்கானுக்கு நியாயம் இருக்கிறது. ஆனாலும், குருதிச் சோடியம் முதலில் சீராகட்டும் என்றே சொல்வேன். ஸ்கானுக்காக அவரை வார்ட்டிலிருந்து நெடுநேரம் வெளியே வைத்திருப்பது இப்போது நல்லதல்ல.

நிலாவெளி மகள்

இன்று காலை 127. அப்பா தம்பியைப் பெயர் சொல்லி அழைத்தார். புதிய சிறுநீர் அறிக்கையில் சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து 84 இருக்கிறது. ஸ்கானுக்குப் பதிவு செய்திருக்கிறார்கள். வார்ட் வைத்தியர் தானாகவே அதைச் சொன்னார்.

இன்னும் ஒரு கேள்வி. குருதி ஐதாக இருக்கும்போதும் அப்பா தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கிறாரே, தாகம் எடுக்கக் கூடாதல்லவா? பார்க்க வருகிறவர்கள் பாவம் என்று இளநீரும் கஞ்சியும் கொண்டு வருகிறார்கள். இளநீரில் உப்பு இருக்கிறது, அது நல்லதுதானே என்று பெரியம்மா கேட்கிறார்.

உவர்மலை வைத்தியர்

84, 127ஐவிடக் குறைவு. இனி அவர் கழிக்கும் ஒவ்வொரு லீற்றர் சிறுநீரிலும் மூன்றில் ஒரு பங்கு வெறும் நீராக வெளியேறுகிறது. மருந்து வேலை செய்கிறது.

தாகம் பற்றி: இந்த நோயில் ஏடிஎச் மட்டுமன்றித் தாகத்தின் வரம்பும் கீழே இறங்கிவிடுகிறது. வழக்கமாகத் தாகம் அடங்கிவிடும் செறிவிலும் இவர்களுக்குத் தாகம் எடுக்கும். அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே தாகமாக இருக்கிறது.

கிண்ணியா தாதி

பெரியம்மாவிடம் சொல்லுங்கள் சகோதரி, இளநீரில் நிறைய இருப்பது பொட்டாசியம். சோடியம் மிகக் குறைவு. உப்புக்கு அது ஈடாகாது. அது 800க்குள் எண்ணப்பட வேண்டிய திரவம். கஞ்சி, இரசம், தேநீர், மருந்து விழுங்கும் தண்ணீர், ஐஸ்கட்டி எல்லாமே அந்த 800க்குள்தான். நாங்கள் காலையில் ஒரு போத்தலில் 800ஐ அளந்து கட்டிலருகே வைத்துவிடுவோம். எதைக் குடித்தாலும் அதே அளவு தண்ணீரைப் போத்தலிலிருந்து ஊற்றிவிடுவோம். போத்தல் வெறுமையானால் அன்றைக்கு முடிந்தது. வாய் வறண்டால் ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்துவிடுங்கள். ஒரு துண்டு தேசிக்காயை நாக்கில் வைத்தாலும் எச்சில் ஊறும்.